கடல் தெரியும் போட்டோ எந்த உயரத்திலிருந்து எடுக்கப்பட்டது? தொடுவானத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

ஈசிஆர் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு இந்தப் போட்டோ கட்டாயம் வந்து சேரும். கண்ணாடித் தடுப்பு வைத்த பால்கனி, அதற்கு அப்பால் தென்னை, அதற்கு மேலே நீலமாகக் கடல். கூடவே புரோக்கரின் செய்தி: "சார், மூணாவது மாடி வியூ இதுதான்." கட்டுமானம் நடப்பதால் மேலே ஏற அனுமதி இல்லை, அட்வான்ஸ் மட்டும் இந்த வாரமே வேண்டும் என்பார்கள். அந்தப் போட்டோ உண்மையில் மூன்றாவது மாடியிலிருந்து எடுத்ததா, மொட்டை மாடியிலிருந்தா, ட்ரோனிலிருந்தா என்பதைப் போட்டோவை வைத்தே சொல்லிவிடலாம். எனக்கு இப்படி ஒன்று பாலவாக்கத்தில் வந்தது. அதற்காகத் தேடியபோது முறையாக எழுதிய ஒரு குறிப்பும் கிடைக்காமல் அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டாம் என்றுதான் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

தேடினால் முதலில் கண்ணில் படுவது "தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் = 3.57 × √உயரம்" என்ற வாய்பாடு. சரியான வாய்பாடுதான், ஆனால் இந்த வேலைக்கு நேரடியாக உதவாது. தொடுவானம் 12 கிலோமீட்டரில் இருக்கிறதா 19 கிலோமீட்டரில் இருக்கிறதா என்று எந்தப் போட்டோவும் காட்டாது. அங்கே மைல்கல் நட்டிருக்கவில்லை. போட்டோவில் அளக்க முடிந்தது வேறொன்று. தூரம் தெரிந்த ஒரு பொருள், தொடுவானக் கோட்டிலிருந்து எத்தனை பிக்சல் கீழே இருக்கிறது என்பதை அளக்கலாம். உயரம் அதிலிருந்துதான் கிடைக்கும்.

## 1. முதலில் ஒரு நிமிடச் சோதனை

கணக்குக்குப் போவதற்கு முன் கண்ணாலேயே ஒன்று பாருங்கள். கேமராவிலிருந்து கிடைமட்டமாக ஒரு கோடு இழுத்தால் அது ஏறக்குறைய தொடுவானத்தில் போய் முட்டும். ஆகவே கேமராவின் அதே உயரத்தில் இருக்கும் எந்தப் பொருளும், பக்கத்தில் இருந்தாலும் தள்ளி இருந்தாலும், போட்டோவில் தொடுவானக் கோட்டிலேயே வந்து நிற்கும். தலை அந்தக் கோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டடம் கேமராவைவிட உயரம். தலை கோட்டுக்குக் கீழே இருந்தால் கேமராவைவிடத் தாழ்வு.

மெரினா மணலில் நின்று கடலைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்தால் இது நன்றாகத் தெரியும். உங்கள் உயரம் உள்ளவர்கள் பத்தடியில் நின்றாலும் நூறடியில் நின்றாலும், தொடுவானம் அவர்கள் எல்லோருடைய கண் மட்டத்தையும் வெட்டிக்கொண்டு போகும். உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலாகப் போகும்.

இப்போது வீட்டுப் போட்டோவுக்கு வாருங்கள். ஐந்தாம் மாடி என்று சொன்ன படத்தில், எதிரே இருக்கும் மூன்று மாடி வீட்டின் தண்ணீர்த் தொட்டி தொடுவானத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால், கணக்கே தேவையில்லை. அந்தப் போட்டோ ஐந்தாம் மாடியிலிருந்து எடுத்ததல்ல. பல சந்தேகங்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

## 2. சேகரிக்க வேண்டியவை

மூலக் கோப்பு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்தது சுருக்கப்பட்ட படம். அதில் கேமரா விவரங்கள் அழிந்திருக்கும். "டாகுமென்டா அனுப்புங்க" என்று கேளுங்கள். அப்படி அனுப்பினால் கோப்பு மாறாமல் வரும். கணினியில் exiftool என்ற மென்பொருளை நிறுவிவிட்டு, வந்த கோப்பில் இந்தக் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்:

```
exiftool photo.jpg
```

கேமரா மாடல், எடுத்த தேதி, நேரம், படத்தின் பிக்சல் அளவு, `Focal Length In 35mm Format` என்ற வரி, இவை வேண்டும். மாடல் இடத்தில் ட்ரோன் பெயர் இருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அதே பட்டியலில் `GPS Altitude` என்று ஒரு எண்ணும் இருக்கலாம். "உயரம்தான் எழுதியிருக்கிறதே" என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். போன் ஜிபிஎஸ் உயரத்தில் பல மீட்டர் பிழை சாதாரணம். அதுகூடப் பரவாயில்லை. சில போன்கள் கடல் மட்டத்திலிருந்து உயரத்தை எழுதுவதில்லை. பூமிக்கு வைத்திருக்கும் கணித நீள்கோள மட்டத்திலிருந்து எழுதுகின்றன. சென்னையில் கடல் மட்டம் அந்தக் கணித மட்டத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதனால்தான் சில போன்களில் சென்னை வீட்டு மாடியின் உயரம் மைனஸில் காட்டும்.

கட்டட வரைபடம். மாடிக்கு மாடி எத்தனை மீட்டர் என்பது தெரிய வேண்டும். பதிவு செய்த திட்டமாக இருந்தால் தமிழ்நாடு ரெரா தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைத் தேடலாம். இல்லையென்றால் விற்பவரிடமே கேளுங்கள். தள வரைபடம் மட்டும் போதாது. கட்டடத்தை நெடுக வெட்டிக் காட்டும் செக்‌ஷன் படத்தில்தான் உயரங்கள் இருக்கும். கீழே தூண்கள் மட்டும் வைத்த கார் நிறுத்தும் தளம், அதற்கு மேல் ஐந்து மாடி, இதுதான் "ஸ்டில்ட் + 5". சென்னையில் இது இவ்வளவு அதிகமாக இருப்பதற்குக் காரணம் 18.30 மீட்டர் எல்லை. அதைத் தாண்டினால் உயரமான கட்டடம் என்ற விதிகள் வந்துவிடும். ஆகவே தளத்துக்கு 3 மீட்டர் வீதம் ஆறு தளம், 18 மீட்டரில் மொட்டை மாடி என்பது வழக்கமான கணக்கு.

வரைபடத்தில் தூரம். கூகுள் எர்த் ப்ரோ இலவசம். அதில் `Ruler` கொண்டு அளக்கலாம். `Historical Imagery` பொத்தானும் கட்டாயம் தேவைப்படும், காரணம் பிறகு வருகிறது. பிக்சல் அளக்க எந்தப் படத் திருத்தி மென்பொருளும் போதும், ஜிம்ப் இலவசமாகவே கிடைக்கிறது. ஆக, பணச் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இடத்துக்கு ஒரு தடவை போய்வரும் பெட்ரோல்தான். நேரம் என்று பார்த்தால், மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதற்குத்தான் நாட்கள் போகும். கையில் எல்லாம் இருந்தால் ஒரு மாலை போதும்.

## 3. கோடு உண்மையான தொடுவானம்தானா என்று பாருங்கள்

நீங்கள் அளக்கப்போகும் மற்ற எல்லாம் இந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே இங்கே கொஞ்சம் நிதானம் தேவை.

படத்தைப் பெரிதாக்கி, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள். வானமும் கடலும் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்தால் நல்லது. கலங்கலாக, எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கரைந்தால், அங்கே நீங்கள் பார்ப்பது பனிமூட்டத்தின் விளிம்பு. உண்மைத் தொடுவானம் அதற்கு மேலே மறைந்திருக்கிறது. 24 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம், காற்று ஒளியை வளைப்பதையும் சேர்த்தால், சுமார் 19 கிலோமீட்டரில் இருக்கும். அன்றைக்குக் கண்ணுக்கு எட்டியது 5 கிலோமீட்டர்தான் என்றால், கடல் முடிவதுபோல் தெரியும் கோடு சாதாரண போன் படத்தில் 8 பிக்சல் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். நாம் பார்க்கப்போகும் படத்தில் அது ஒரு மீட்டர் உயரத்தைக் குறைத்துக் காட்டிவிடும்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு வாய்ப்பிருந்தால் பிற்பகலில் எடுக்கச் சொல்லுங்கள். நம் கடல் கிழக்கே இருப்பதால் காலையில் சூரியன் நேராக லென்ஸில் அடிக்கும். இரண்டு மணிக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும், கடல் கருநீலமாகி கோடு தெளிவாக விழும். மழை ஓய்ந்த மறுநாள் இன்னும் நல்லது. போகியன்று காலையில் எடுத்த படத்தை வைத்து எதையும் அளக்க வேண்டாம்.

கோடு சாய்ந்திருந்தால் படத்தைச் சுழற்றி நேராக்குங்கள். கோடு வளைந்திருந்தால் அது பூமியின் வளைவு அல்ல, லென்ஸின் வளைவு. போனில் `0.5x` என்று வரும் அகல லென்ஸில் இது அதிகம். அந்தப் படத்தையும் பனோரமாவையும் ஒதுக்கிவிட்டு, சாதாரண `1x` படம் கேளுங்கள்.

இன்னொன்று. ஏரிப் படங்களில் இந்த முறை ஏமாற்றும். செம்பரம்பாக்கம் ஏரிக் கரையில் நின்றால் எதிர்க்கரை சில கிலோமீட்டரிலேயே வந்துவிடும், தண்ணீர் தொடுவானம் வரை போவதில்லை. அங்கே தண்ணீர் முடியும் கோடு தொடுவானம் அல்ல. சமவெளியிலும் இதே கதைதான். மேற்கே தாம்பரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பார்த்து எடுத்த படத்தில் தெரிவது மரங்களின், கட்டடங்களின் உச்சி வரிசை. பல கிலோமீட்டர் வெட்டவெளியாக, தரையே போய் வானத்தைத் தொடும் இடமாக இருந்தால் மட்டும் கடலுக்குச் சொன்னது அங்கேயும் பொருந்தும்.

## 4. லென்ஸின் அளவைப் பிக்சலில் கண்டுபிடிங்கள்

பிக்சலைக் கோணமாக மாற்ற ஓர் எண் வேண்டும். அதை f என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருள் ஆயிரம் மீட்டர் தள்ளியிருக்கும்போது, அங்கே ஒரு மீட்டர் என்பது படத்தில் f-ல் ஆயிரத்தில் ஒரு பங்கு பிக்சல் என்று பொருள்.

கோப்பில் `Focal Length In 35mm Format` இருந்தால் அதிலிருந்து வரும். இங்கேதான் பலர் வழுக்குவார்கள். பழைய ஃபிலிமின் அகலம் 36 மில்லிமீட்டர் என்று வைத்து அகலத்தை அகலத்தோடு ஒப்பிட்டுவிடுவார்கள். போன் படங்களின் நீள அகல விகிதமே வேறு. பெரும்பாலும் போன் கம்பெனிகள் அந்த எண்ணை மூலைவிட்டத்தை வைத்துத்தான் போடுகின்றன. ஃபிலிமின் மூலைவிட்டம் 43.27 மில்லிமீட்டர். 4000 × 3000 படத்தின் மூலைவிட்டம் 5000 பிக்சல். 26 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால்:

```
f = 5000 * 26 / 43.27 = 3004
```

அகலத்தை வைத்துப் போட்டிருந்தால் 2889 வந்திருக்கும். நான்கு சதவீத வித்தியாசம், உயரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர்.

படம் வெட்டப்பட்டிருந்தாலும் சுருக்கப்பட்டிருந்தாலும் இந்த வழி பலிக்காது. அதனால் படத்துக்குள்ளிருந்தே f-ஐச் சரிபார்ப்பதை நான் எப்போதும் செய்வேன். கட்டடம் எது என்பது தெரியும் அல்லவா? படத்தின் நடுவில் நேர் எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கூகுள் எர்த்தில் கட்டடத்திலிருந்து அந்தப் பொருளுக்கு ஒரு நேர்கோடு இழுங்கள். அப்புறம் படத்தின் ஓரத்தில் இருக்கும், வரைபடத்திலும் அடையாளம் தெரியும் ஒரு பொருளை எடுங்கள். அது நேர்கோட்டின் திசையில் எத்தனை மீட்டர் முன்னால் இருக்கிறது, கோட்டிலிருந்து பக்கவாட்டில் எத்தனை மீட்டர் விலகியிருக்கிறது என்று இரண்டு அளவு எடுங்கள்.

பாலவாக்கம் படத்தில் நடுவில் கடலுக்குப் போகும் தெருவின் முனை. வலப்பக்கத்தில் ஒரு மேல்நிலைத் தொட்டி. தொட்டி 210 மீட்டர் முன்னால், 95 மீட்டர் பக்கவாட்டில். படத்தில் நடுவிலிருந்து அது 1357 பிக்சல் தள்ளி.

```
f = 1357 * 210 / 95 = 3000
```

கோப்பு சொன்னது 3004. இரண்டும் ஒத்துப்போனால் படம் வெட்டப்படவில்லை என்பதும் உறுதி. வரைபடத்தில் எந்தப் பொருள் எந்தப் பொருளுக்கு நேராக இருக்க வேண்டுமோ அப்படியே படத்தில் இருந்தால், எடுத்த இடமும் அந்தக் கட்டடம்தான். பக்கத்துக் கட்டடத்திலிருந்து எடுத்து அனுப்புவதும் நடக்கிறது. அப்போது இந்த நேர்கோடுகள் பொருந்தாமல் முரண்டு பிடிக்கும்.

## 5. கடல் விளிம்பை வைத்து முதல் கணக்கு

இப்போது அலை வந்து நிற்கும் விளிம்பை எடுங்கள். கட்டடத்திலிருந்து அதுவரை உள்ள தூரத்தை வரைபடத்தில் அளங்கள். அது D. படத்தில் அதே விளிம்பு தொடுவானத்திலிருந்து எத்தனை பிக்சல் கீழே என்று அளங்கள். அது p.

```
h0 = D * p / f
h  = h0 + D * 0.00052 * sqrt(h0)
```

முதல் வரி தட்டையான பூமிக்கு. இரண்டாவது வரி, தொடுவானம் உண்மையான கிடைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே தெரிவதைச் சரிசெய்கிறது. பூமி வளைந்திருப்பதால் அப்படி இறங்குகிறது. காற்று ஒளியை வளைப்பதால் அந்த இறக்கம் சற்றுக் குறைகிறது. 0.00052 என்ற எண்ணில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

பாலவாக்கம் படத்தில் D 380 மீட்டர், p 184 பிக்சல், f 3000. முதல் வரியில் 23.3 மீட்டர். இரண்டாவது வரி ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டும். கடல் மட்டத்திலிருந்து 24.3 மீட்டர்.

காற்றின் வெப்பம் மாறும்போது அந்த 0.00052 கொஞ்சம் கூடும், குறையும். காலையில் ஒரு மாதிரி, நடுப்பகலில் ஒரு மாதிரி இருக்கும். 380 மீட்டர் தூரத்துக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சில சென்டிமீட்டர் முதல் இருபது சென்டிமீட்டர் வரைதான் ஆடும். ஆனால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு படகை வைத்து அளந்தால் இரண்டாவது வரி மட்டுமே ஐந்தாறு மீட்டர் கூட்டும், அதில் வரும் பிழையும் அதே அளவுக்குப் பெருகும். 200 முதல் 800 மீட்டருக்குள் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். கப்பலை வைத்து அளக்கும் ஆசை வேண்டாம்.

இந்தக் கணக்கில் உண்மையான பலவீனம் D-தான். அலை ஒரு தடவை ஏறி இறங்கும்போதே விளிம்பு பத்து மீட்டர் நகரும். 380-ல் பத்து மீட்டர் என்றால் உயரத்தில் அறுபது சென்டிமீட்டர். படத்தில் அலை எங்கே இருக்கிறதோ அந்த ஈர மணல் விளிம்பையே எடுங்கள். கடற்கரையே பருவத்துக்குப் பருவம் அகலம் மாறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அரித்துக்கொண்டு போய்விடும், பிறகு மணல் திரும்பி வரும். அதனால்தான் `Historical Imagery`. போட்டோவின் தேதிக்கு மிக அருகில் உள்ள செயற்கைக்கோள் படத்தை எடுத்து அதில் அளங்கள். கடலின் ஏற்ற இறக்கம் சென்னையில் பெரிதல்ல. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில்கூட உச்சிக்கும் அடிக்கும் ஒரு மீட்டர் அளவுதான். சராசரி மட்டத்திலிருந்து பார்த்தால் அதில் பாதி.

## 6. எதிர் வீட்டை வைத்து இரண்டாவது கணக்கு

கடல் விளிம்பை நம்பாமல் வேறொரு வழியில் சரிபார்க்க வேண்டும். எதிரே உயரம் தெரிந்த கட்டடம் ஒன்று இருந்தால் போதும். இங்கே 120 மீட்டர் தள்ளி ஒரு ஸ்டில்ட் + 2 வீடு. 9 மீட்டரில் மொட்டை மாடி, ஒரு மீட்டர் கைப்பிடிச்சுவர், ஆக 10 மீட்டர். படத்தில் அந்தக் கைப்பிடிச்சுவரின் மேல்விளிம்பு தொடுவானத்துக்கு 225 பிக்சல் கீழே.

அதே இரண்டு வரி. 120 × 225 ÷ 3000 = 9.0 மீட்டர். தொடுவானம் இறங்கியதற்கு 0.3 மீட்டர் கூட்ட வேண்டும். ஒரு விஷயம் கவனியுங்கள்: இந்த இடத்தில் வர்க்கமூலம் எடுக்க வேண்டியது கேமராவின் மொத்த உயரத்துக்கு, 9 மீட்டருக்கு அல்ல. கேமரா அந்தச் சுவர் விளிம்பைவிட 9.3 மீட்டர் உயரம். சுவர் தரையிலிருந்து 10 மீட்டர். ஆகவே கேமரா தரையிலிருந்து 19.3 மீட்டர்.

இந்தக் கணக்கில் அலையும் இல்லை, மணலும் இல்லை. ஆனால் எதிர் வீட்டின் தரையும் உங்கள் கட்டடத்தின் தரையும் ஒரே மட்டம் என்று எடுத்துக்கொண்டோம். பழைய வீடுகள் ரோட்டைவிடப் பள்ளத்திலும், புதியவை மழைத் தண்ணீருக்குப் பயந்து ஒரு மீட்டர் மேடாகவும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். நேரில் போகும்போது கேட் வாசலில் நின்று பார்த்துவிடுங்கள்.

## 7. தரை, கடலிலிருந்து எத்தனை மீட்டர்?

முதல் கணக்கு கடல் மட்டத்திலிருந்து சொல்கிறது, மாடிகளோ தரையிலிருந்து தொடங்குகின்றன. நடுவில் உள்ள உயரம் தெரிந்தால்தான் இரண்டையும் சேர்க்க முடியும். இணைய வரைபடங்கள் காட்டும் தரை உயரத்தில் சில மீட்டர் பிழை இருக்கும், அதாவது ஒரு முழு மாடி. அதை நம்ப வேண்டாம்.

இதே முறையைத் தரையிலேயே செய்துவிடலாம். கட்டட வாசல் தெரு கடலை நோக்கிப் போனால், தெருவில் நின்று, போனைக் கண் மட்டத்தில் பிடித்து, கடலும் அலை விளிம்பும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். 380 மீட்டரில் அலை விளிம்பு தொடுவானத்துக்கு 41 பிக்சல் கீழே வந்தால், 41-க்கு முதல் வரி 5.2, இரண்டாவது வரி 0.45 கூட்டி 5.65 வரும். அதே கணக்கை அந்தப் புதிய உயரத்தோடு இன்னொரு தடவை போட்டால் 5.7 ஆகும். உயரம் குறைவாக இருக்கும்போது இப்படி இரண்டாம் தடவை போடுவது நல்லது. போன் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர், அதைக் கழித்தால் தரை 4.2. மணல்மேடு விளிம்பை மறைத்தால் கடலுக்கு இன்னும் கிட்டப் போய் எடுங்கள். தெரு அங்கிருந்து கட்டடம் வரை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் போனின் f வேறாக இருக்கும். அதை நான்காவது படியில் சொன்னபடி தனியாகக் கண்டுபிடியுங்கள்.

இங்கே ஒரு பிக்சல் தவறினால் 13 சென்டிமீட்டர்தான் மாறும். அலையும் கடலின் ஏற்ற இறக்கமும்தான் அரை மீட்டர் ஆட்டும். ஆகவே தரை 4 முதல் 5 மீட்டருக்குள் என்று வைத்துக்கொள்ளலாம்.

## 8. எந்த மாடி?

முதல் கணக்கு: 24.3-லிருந்து தரையைக் கழித்தால் 19.3 முதல் 20.3 வரை. இரண்டாவது கணக்கு: 19.3. இரண்டும் ஒரு மீட்டருக்குள் ஒத்துப்போகின்றன. எல்லாப் பிழைகளையும் சேர்த்தால் ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை இப்படியும் அப்படியும் போகலாம். மாடிக்கு மாடி 3 மீட்டர் இருப்பதால் மாடியைச் சொல்லிவிடலாம். மூன்றாம் மாடியா நான்காம் மாடியா என்ற நெருக்கமான சண்டைக்கு ஒரே ஒரு கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

ஸ்டில்ட்டுக்கு 3 மீட்டர், அதற்கு மேல் முதல் மாடி. மூன்றாவது மாடியின் தளம் 9 மீட்டரில். நின்றுகொண்டு கண் மட்டத்தில் எடுத்தால் 10.5. மொட்டை மாடித் தளம் 18-ல், அங்கே நின்று எடுத்தால் 19.5. படம் சொல்வது மொட்டை மாடியை. மூன்றாம் மாடிக்கும் இதற்கும் ஒன்பது மீட்டர் இடைவெளி, எந்தப் பிழையும் அதை நிரப்பாது.

இதைப் புரோக்கரிடம் சொன்னால் கோபப்பட மாட்டார். "ஆமா சார், டெரஸ்ல இருந்து எடுத்தது, ஒரு ரெஃபரன்ஸுக்கு அனுப்பினோம்" என்பார். சண்டையை அங்கே நிறுத்திக்கொண்டு, அதே எண்களைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

## 9. மூன்றாம் மாடியிலிருந்து என்ன தெரியும்?

கேமரா தரையிலிருந்து 10.5 மீட்டர். எதிர் வீட்டுக் கைப்பிடிச்சுவர் 10 மீட்டர். வித்தியாசம் அரை மீட்டர். 120 மீட்டர் தூரத்தில் அரை மீட்டர் என்பது அதே லென்ஸில் 12 பிக்சல் அளவு. தொடுவானம் 6 பிக்சல் இறங்கியிருக்கும். மிச்சம், சுவருக்கு மேலே தெரியும் கடல் 6 பிக்சல். 3000 பிக்சல் உயரமுள்ள படத்தில் ஆறு. சுவரின் உயரத்தைப் பத்து சென்டிமீட்டர் தவறாக எடுத்திருந்தாலே இந்த ஆறு நாலாகவோ எட்டாகவோ மாறும். ஆகவே அதைத் துல்லியமான எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், "கடல் கோடாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம்" என்று படியுங்கள். வீட்டுக்காரர் மாடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டால் அதுவும் இல்லை. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கண் அரை மீட்டர் கீழே இறங்கும், அப்போது சுவர் தொடுவானத்துக்கு மேலே போய்விடும்.

அந்த வீடு மறைக்காத பக்கம் இருக்கலாம், ஓரமாகத் தெருவின் வழியாகக் கடல் தெரியலாம். அதையும் பார்க்க வேண்டும் என்றால் விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: மூன்றாவது மாடி பால்கனியில் நின்று, `1x` லென்ஸில், வெட்டாமல், மாலை மூன்று மணிக்கு மேல் எடுத்த படம், டாகுமென்டாக. வந்ததும் தொடுவானத்திலிருந்து எதிர் வீட்டுக் கைப்பிடிச்சுவர் வரை எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். இருநூறைத் தாண்டினால் மறுபடியும் மொட்டை மாடிக்கே ஏறியிருக்கிறார்கள்.